முதல் பிட்னஸ் பேண்ட்: பெட்டியை நம்பாமல் வாங்குவது எப்படி?

கடையில் 1,500 ரூபாய் பேண்ட் ஒன்றையும் 5,000 ரூபாய் பேண்ட் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பெட்டியின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் இருக்கும். இதயத் துடிப்பு, ரத்த ஆக்ஸிஜன், தூக்கம், மன அழுத்தம், நூற்றுக்கும் மேற்பட்ட உடற்பயிற்சி வகைகள், இரண்டு வார பேட்டரி. சில சமயம் விலை குறைந்ததில்தான் பட்டியல் நீளமாகவும் இருக்கும். அதனால், புதிதாக நடைப்பயிற்சி தொடங்குகிற ஒருவர் பெட்டியைப் படித்து நல்ல பேண்டைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. வேறு சில விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா சமீபத்தில் இதற்காகத்தான் என்னைக் கடைக்கு அழைத்துப் போனார். வயது 54. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்கிறார். கையில் மூன்று வருடப் பழைய ஆண்ட்ராய்டு போன். நாலாயிரம், ஐயாயிரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. விற்பனையாளர் எடுத்துக் காட்டிய முதல் பேண்டைப் பார்த்ததும், "தம்பி, இதுல பிரஷரும் பார்க்கலாமாமே?" என்று கேட்டார்.

"அதுக்காக இதை வாங்காதீங்க அக்கா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பது புரிய, அந்தப் பட்டைக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

சாதாரண பிட்னஸ் பேண்டால் நேரடியாக உணர முடிவது இரண்டே விஷயங்கள்: கை எப்படி அசைகிறது, தோலுக்கு அடியில் பாய்ச்சிய ஒளி எவ்வளவு திரும்பி வருகிறது. அசைவை உணர்வது ஆக்ஸிலரோமீட்டர் என்ற சின்னச் சில்லு. நடக்கும்போது கை வீசுவதில் ஒரு தாளம் இருக்கிறதே, அந்தத் தாளத்தைப் பிடித்துத்தான் காலடிகளை எண்ணுகிறது. ஒளிக்கு, பேண்டின் அடிப்பக்கத்தில் பச்சை விளக்குகள் இருக்கும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். இதயம் ஒருமுறை துடிக்கும்போது மணிக்கட்டின் நுண்குழாய்களில் ரத்தம் கொஞ்சம் கூடுகிறது, திரும்பி வரும் ஒளி கொஞ்சம் குறைகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடித்துடிப்பு. ஆக்ஸிஜன் பார்க்கச் சிவப்பு விளக்கும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கும் கூடுதலாக இருக்கும். பெட்டியில் ஆக்ஸிஜன் என்று போட்டிருந்தும், அளக்கும்போது பச்சை மட்டுமே எரிகிறது என்றால் அந்த எண்ணை நான் நம்பமாட்டேன்.

மற்றவை எல்லாம் கணக்கு. கை அசையாமலும் நாடி தணிந்தும் இருந்தால் தூக்கம். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே உள்ள இடைவெளி எப்படி மாறுகிறது என்பதை வைத்து மன அழுத்தம். எடை, உயரம், வயது, நாடி நான்கையும் ஒரு சூத்திரத்தில் போட்டால் கலோரி. இப்படி ஒரு படி தள்ளிக் கணக்கிடும் ஒவ்வொன்றிலும் பிழை கூடிக்கொண்டே போகும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் ஏழு கருவிகளை 60 பேருக்குக் கட்டிச் சோதித்தார்கள். ஆறு கருவிகள் நாடித்துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் சொல்லிவிட்டன. கலோரியிலோ இருப்பதிலேயே நன்றாக அளந்த கருவிகூட சராசரியாக 27 சதவீதம் பிசகியது. மிக மோசமானது 93 சதவீதம். அதற்குப் பிறகு கருவிகள் முன்னேறியிருக்கின்றன. ஆனால் நாடி அளவீடு, கலோரி ஊகம் என்ற வேறுபாடு அப்படியேதான் இருக்கிறது. "இன்று 400 கலோரி எரித்தாய்" என்று பேண்ட் சொன்னதை நம்பி இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டுவிட வேண்டாம்.

ரத்த அழுத்தம் அந்தக் கணக்குகளிலும் கடைசி வரிசை. கையில் பட்டை கட்டிக் காற்றடித்து இறுக்கி அளக்கும் கருவி செய்கிற வேலையை, ஒளியை மட்டும் வைத்து ஊகிக்கப் பார்க்கிறது விலை குறைந்த பேண்ட். மாத்திரை அளவை மாற்றலாமா என்று டாக்டர் முடிவெடுக்கும் விஷயம் இது. அதை அந்த ஊகத்தின் கையில் கொடுக்க முடியாது. ஊசி குத்தாமலே சர்க்கரை அளவு காட்டுவதாகச் சொல்லும் பேண்டுகளும் வாட்சுகளும் விற்கின்றன. அப்படிச் சர்க்கரை அளக்கும் எந்த ஸ்மார்ட் வாட்சுக்கோ மோதிரத்துக்கோ தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் பொதுமக்களை எச்சரித்தது. பெட்டியில் சர்க்கரை அளவு என்று இருந்தால், மற்ற வாக்குறுதிகளையும் அதே கண்ணோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு எது பயன்படும்? இரண்டு எண்கள் போதும். ஒன்று, தினசரிக் காலடி. இன்னொன்று, ஓய்வுநிலை நாடித்துடிப்பு, அதாவது அசையாமல் இருக்கும்போதும் தூங்கும்போதும் இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பது. ஒழுங்காக நடக்க நடக்க, சில மாதங்களில் பலருக்கு இது சில துடிப்புகள் குறையும். காய்ச்சல் வந்தால், தூக்கம் கெட்டால் ஏறும். ஒருநாள் எண்ணில் பெரிய அர்த்தம் இல்லை. மாதக்கணக்கில் எந்தப் பக்கம் போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பேட்டரியையும் ஆப்பையும் ஏன் இவ்வளவு கவனமாகப் பார்க்கச் சொல்கிறேன் என்றால், இந்த எண் அவை இரண்டையும் நம்பித்தான் நிற்கிறது.

அதற்கு முன் நாடி சென்சாரைச் சோதிக்கும் விதம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாழைப்பழத்திலும் துண்டுச் சுருளிலும் பேண்டைக் கட்டி, 'பாருங்கள், இதற்கும் நாடி காட்டுகிறது, எல்லாம் போலி' என்று காட்டும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அது சரியான சோதனை இல்லை. திரும்பி வருகிற ஒளியில் ஏதாவது ஒரு தாளம் இருக்கிறதா என்று தேடுவதுதான் அந்தக் கருவியின் வேலை. துண்டில் பட்டுத் திரும்பும் ஒளியிலும் அது எதையாவது கண்டுபிடித்துச் சொல்லும். நல்ல பேண்டும் சில சமயம் இதில் தோற்கும். மனிதக் கையில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதே சரி.

அக்காவிடம் இதைத்தான் செய்யச் சொன்னேன். பேண்டை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அகலம் மேலே, சருமத்தோடு ஒட்டி, ஆனால் ரத்த ஓட்டத்தை அழுத்தாமல் கட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தார். மற்றக் கையின் மணிக்கட்டில் விரல் வைத்து 30 வினாடி நான் எண்ணினேன்: 33. இரண்டால் பெருக்கினால் 66. பேண்ட் 67 காட்டியது. பிறகு கடை இருந்த கட்டடத்தின் மாடிப்படியில் இரண்டு மாடி ஏறி வந்தார். எண் 90-ஐத் தாண்டியது. உட்கார்ந்த பிறகு மூன்று நிமிடத்தில் 70-களுக்கு இறங்கியது. உட்காரும்போது சரியாக இருந்து, ஏறும்போது தாமதிக்காமல் ஏறி, ஓய்வில் இறங்கினால் அந்தச் சென்சார் அவருக்குப் போதும். விற்பனையாளர் முதலில் எடுத்துக் கொடுத்த பேண்ட் படியேறி வந்த பிறகும் 74-லேயே நின்றது. பிரஷர் பார்ப்பதாகச் சொன்னதும் அதுதான்.

நடக்கும்போது வருகிற இன்னொரு பிழையையும் தெரிந்துகொள்ளுங்கள். வேக நடையில் நிமிடத்துக்கு 110, 120 காலடி வைக்கிறோம். பேண்ட் தளர்வாக இருந்தால், ஒவ்வொரு காலடிக்கும் அது மணிக்கட்டில் குதிக்கும். அந்தக் குதியலை இதயத் துடிப்பு என்று எடுத்துக்கொண்டு, நாடி 98 இருக்கும்போது 118 என்று சொல்லும். திரையில் உள்ள எண் உங்கள் காலடி வேகத்தோடு அப்படியே ஒத்துப்போய், நீங்கள் நின்றவுடன் சட்டென்று விழுந்தால் இந்தப் பிழைதான். ஒரு துளை இறுக்கிக் கட்டி, கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். மணிக்கட்டில் அடர்த்தியாகப் பச்சை குத்தியவர்களுக்கு ஒளி உள்ளே போக முடியாது. அவர்கள் மற்றக் கையில் கட்டிக்கொள்வது நல்லது.

அக்காவுக்கென்று தனியாக ஒரு விஷயமும் இருந்தது. அவர் சாப்பிடுவது அடினலால். இந்த வகை மாத்திரைகள் இதயத் துடிப்பு ஏறவிடாமல் பிடித்து வைக்கும். பேண்டுகளோ பெரும்பாலும் 220-இலிருந்து வயதைக் கழித்து, அதில் இத்தனை சதவீதம் வந்தால் மிதமான பயிற்சி, இத்தனை வந்தால் கடுமையான பயிற்சி என்று பிரித்துக் காட்டும். 54 வயதுக்கு உச்சத் துடிப்பு 166, மிதமான நடைக்கு ஏறக்குறைய 106 முதல் 126 வரை. அடினலால் சாப்பிடுகிறவர் வியர்க்க வியர்க்க நடந்தாலும் அந்த எல்லையைத் தொடாமல் போகலாம். 'இன்று பயிற்சி போதவில்லை' என்று பேண்ட் சொல்லும். அதைக் கேட்டு வேகத்தைக் கூட்டுவது ஆபத்து. இவர்களுக்கு எண்ணை விடப் பேச்சுதான் அளவுகோல்: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. ஓய்வுநிலைத் துடிப்பு இவர்களுக்கும் பயன்படும். மாத்திரையின் அளவை டாக்டர் மாற்றினால் எண்ணும் மாறும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

பேட்டரிக்கு வருவோம். பெட்டியில் இருக்கும் நாள் கணக்கு பொய் இல்லை. ஆனால் அது எல்லா வசதியையும் குறைத்து வைத்த நிலையில் எடுத்த கணக்கு. ஷாவ்மி ஸ்மார்ட் பேண்ட் 9-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பேட்டரி 233 மில்லி ஆம்பியர் மணி. சாதாரணப் பயன்பாட்டில் 21 நாள் வரை, திரையில் எப்போதும் நேரம் தெரியும்படி வைத்தால் 9 நாள் வரை என்று நிறுவனமே சொல்கிறது. வகுத்துப் பாருங்கள். முதல் நிலையில் ஒரு நாளைக்கு 11 அலகு செலவாகிறது. இரண்டாவதில் 26. பேண்டின் மற்ற எல்லா வேலைகளும் சேர்ந்து 11 தின்ன, திரையை அணையாமல் வைத்திருப்பது மட்டும் 15 தின்கிறது. நாடியை நிமிடத்துக்கொரு முறை பார்ப்பது, இரவு முழுக்க ஆக்ஸிஜன் பார்ப்பது, நாள் முழுக்க மன அழுத்தம் பார்ப்பது என்று ஒவ்வொன்றாக இயக்க, நாள்கள் இன்னும் சுருங்கும். பெட்டியில் நட்சத்திரக் குறி போட்டுப் பொடி எழுத்தில் எழுதியிருப்பது இந்தச் சமாச்சாரம்தான். என் கணக்கு எளியது: பெட்டியில் போட்ட நாளில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு வாரத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும்.

ஏன் ஒரு வாரம்? இரண்டு நாளுக்கொரு முறை சார்ஜ் கேட்கும் கருவியைப் பெரும்பாலானவர்கள் இரவில்தான் கழற்றிச் சார்ஜில் போடுவார்கள். ஓய்வுநிலைத் துடிப்பைச் சரியாக அளக்கக் கிடைக்கும் நேரமே அந்த இரவுதான். வாரத்துக்கு ஒருமுறை கேட்டால், ஞாயிற்றுக்கிழமை குளித்து, சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் சார்ஜ் ஏறிவிடும். ஓர் இரவும் விட்டுப்போகாது. தினமும் கொஞ்ச நேரம் கழற்றி வைப்பது தோலுக்கும் நல்லது. சென்னை மாதிரி கசகசக்கும் ஊரில், வியர்வையும் சோப்பும் பட்டைக்கு அடியில் தங்கித்தான் பலருக்குத் தடிப்பு வருகிறது. பட்டையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக் கட்டினால் பெரும்பாலும் வராது.

இந்தப் பேட்டரியைப் பிறகு மாற்ற முடியாது. உள்ளே ஒட்டி மூடியிருப்பார்கள். வருடம் போகப் போக அதன் கொள்ளளவு குறையும். புதிதாக இருக்கும்போதே நாலு நாள் தாங்கும் பேண்ட், இரண்டு வருடத்தில் எரிச்சல் மூட்டும் அளவுக்கு வந்துவிடும். சார்ஜர் வயரும் அந்தந்த மாடலுக்கென்றே வருவது. தொலைத்தால் பக்கத்துக் கடையில் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டு வையுங்கள். பேண்டின் அடியில் உள்ள இரண்டு உலோகப் புள்ளிகளில் வியர்வை உப்பு படிந்தாலும் சார்ஜ் ஏறாது. பேண்ட் போய்விட்டது என்று தூக்கிப் போடும் முன் அவற்றை ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டுப் பாருங்கள்.

ஆனால் நல்ல சென்சாரும் நல்ல பேட்டரியும் உள்ள பேண்ட்கூட, ஆப் சரியில்லாவிட்டால் கைக்கடிகாரம் மட்டும்தான். பேண்டில் சில நாள் விவரம்தான் தங்கும். ஆறு மாதக் கோடு வரைவதெல்லாம் போனில் இருக்கும் ஆப்பும், அதற்குப் பின்னால் உள்ள நிறுவனத்தின் சர்வரும்தான். அந்த நிறுவனம் கடையை மூடினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணங்களே இருக்கின்றன. ஒருகாலத்தில் அமெரிக்காவில் பெயர் வாங்கிய ஜாபோன் நிறுவனம் 2017-இல் சொத்துகளை விற்று மூடும் நிலைக்குப் போனது. நைக் தன் ஃப்யூயல்பேண்டின் ஆப் சேவையை 2018-இல் நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் தன் பேண்டுக்கான சேவையை 2019 மே மாதத்தோடு முடித்துக்கொண்டது. கையில் இருந்த கருவிகள் கெட்டுப்போகவில்லை; அவற்றோடு பேச ஆள் இல்லாமல் போய்விட்டது. மைக்ரோசாஃப்டுக்கே இப்படி என்றால், பெயரே கேள்விப்படாத பிராண்டின் ஆப் மூன்று வருடம் இருக்குமா என்று யோசிக்க வேண்டும்.

நல்ல வேளையாக, பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடக்கூடியது ஆப்தான். அதன் பெயர் பெட்டியிலோ கையேட்டிலோ இருக்கும். அங்கேயே நின்று உங்கள் போனில் பிளே ஸ்டோரைத் திறந்து தேடுங்கள். உங்கள் போனில் அது இறங்குமா என்பது முதல் கேள்வி. ஐபோன் வைத்திருப்பவர்கள் இதை இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்க வேண்டும்: சாம்சங் கேலக்ஸி ஃபிட் 3 நல்ல பேண்ட்தான், ஆனால் ஆண்ட்ராய்டோடு மட்டுமே வேலை செய்யும். அடுத்து, ஆப்பைக் கடைசியாக எப்போது அப்டேட் செய்தார்கள் என்று பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் தொடாமல் கிடந்தால் நகர்ந்துவிடுங்கள். மதிப்புரைகளைப் புதியவை முதலில் வரும்படி வைத்து, ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்கள் சொல்வதைப் பத்து பேர் அளவுக்குப் படியுங்கள். 'சிங்க் ஆகவில்லை', 'அப்டேட்டுக்குப் பிறகு பழைய விவரம் போய்விட்டது' என்று திரும்பத் திரும்ப வந்தால் அதுதான் உங்களுக்கும் நடக்கப்போகிறது. கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஏதோ கோப்பு இறங்குகிறது என்றால், முதல்முறை வாங்குபவருக்கு அந்த வம்பு வேண்டாம்.

இன்னொன்றும் முக்கியம்: விவரம் அந்த ஆப்பிலிருந்து வெளியே வருமா? ஆண்ட்ராய்டில் ஹெல்த் கனெக்ட், ஐபோனில் ஹெல்த் ஆப் என்று பொது இடங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு விவரத்தை அனுப்பும் ஆப் என்றால், நாளைக்கு வேறு கம்பெனி பேண்டுக்கு மாறினாலும் சேர்த்த காலடியும் நாடியும் உங்களோடு வரும். இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் கடைக்காரருக்குப் பதில் தெரியாது. ஆப்பைப் பற்றிய விளக்கப் பக்கத்தில் நீங்களே பார்க்க வேண்டும்.

அக்கா இரண்டு பேண்டுகளில் வந்து நின்றார். ஒன்றில் திரை பெரிது, புளூடூத்தில் பேசவும் முடியும், விலையும் குறைவு. அதன் ஆப் திறந்ததும் விளம்பரம் வந்தது. நாடி விவரம் ஒரு வாரத்துக்கு மேல் தெரியவில்லை. மற்றதில் பேச முடியாது, திரை சிறிது. பெட்டியில் 13 நாள் என்று இருந்தது. பாதி போட்டால் ஏறக்குறைய ஒரு வாரம். ஆப்பில் ஓய்வுநிலைத் துடிப்பு மாதவாரியாக, வருடவாரியாகக் கோடு போட்டுக் காட்டியது. "பேசறதுக்குத்தான் போன் இருக்கே" என்று அவரே இரண்டாவதை எடுத்துக்கொண்டார்.

தனி ஜிபிஎஸ் உள்ள பேண்டும் கடையில் இருந்தது. விலை கூடுதல். நடக்கும்போது போனை எடுத்துப்போகிறவருக்கு அது தேவையில்லை. பேண்ட் போனின் ஜிபிஎஸ்ஸையே பயன்படுத்திக்கொள்ளும். போனை வீட்டில் வைத்துவிட்டு ஓடுகிறவர்களுக்கு மட்டும்தான் அந்தப் பணம் நியாயம்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியவை கொஞ்சம் உண்டு. வயது, உயரம், எடையை ஆப்பில் உண்மையாகப் போடுங்கள். ஜிபிஎஸ் இல்லாதபோது உயரத்தை வைத்துத்தான் காலடி நீளத்தை ஊகித்துத் தூரம் சொல்கிறது. பிறகு போனின் பேட்டரி அமைப்பில் போய், அந்த ஆப்புக்குக் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று மாற்றுங்கள். ஆட்டோ ஸ்டார்ட் என்ற அனுமதி இருந்தால் அதையும் கொடுங்கள். நம் ஊரில் விற்கும் பல ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியை மிச்சம்பிடிக்க, பின்னால் ஓடும் ஆப்களை நிறுத்திவிடும். 'இரண்டு நாளாக சிங்க் ஆகவில்லை, வாட்ஸ்அப் தகவல் கையில் வரவில்லை' என்ற புகார்களில் நிறைய இதனால்தான். பேண்டின் மேல் குற்றமில்லை. தமிழில் யாரையாவது ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பச் சொல்லியும் பாருங்கள். சில பேண்டுகளில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். கொம்பும் காலும் பிரிந்து நிற்பதும் உண்டு.

காலடி இலக்கையும் மாற்றிக்கொள்ளலாம். பல ஆப்கள் பத்தாயிரம் என்று வைத்தே வரும். அந்த எண் மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததில்லை. 1965-இல் ஜப்பானில் விற்ற ஒரு காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. முதல் வாரம் இலக்கைப் பார்க்காமல் வழக்கம்போல் இருந்து, அந்த வாரச் சராசரியோடு ஓர் ஆயிரம் சேர்த்து வைத்தால் தொடங்குகிறவருக்கு அது எட்டக்கூடிய இடம். அக்காவின் சராசரி 3,400 வந்தது, 4,400 வைத்தார்.

திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள் இரண்டு சோதனைகளை முடித்துவிடுங்கள். வாயால் எண்ணிக்கொண்டே 200 அடி நடந்து பேண்டோடு ஒப்பிடுங்கள். முதல் பத்துப் பதினைந்து அடி வரை பேண்ட் சும்மா இருந்துவிட்டுப் பிறகு மொத்தமாகச் சேர்ப்பது இயல்பு. ஐந்தாறு அடி வித்தியாசம் பரவாயில்லை. முப்பது, நாற்பது என்றால் சரியில்லை. கை வீசி நடக்க வேண்டும். காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டோ தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டோ நடந்தால் எந்தப் பேண்டும் குறைத்துத்தான் எண்ணும். அருகில் 400 மீட்டர் ஓடுதளம் உள்ள மைதானம் இருந்தால், உள்வட்டத்தில் ஐந்து சுற்று போய், இரண்டு கிலோமீட்டருக்கு எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். இரண்டாவது சோதனைக்கு, முழுச் சார்ஜ் போட்டு, நீங்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளப்போகிற அமைப்பிலேயே மூன்று நாள் கட்டியிருங்கள். மூன்றாம் நாள் முடிவில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால் ஒரு வாரம் தாங்காது. அதுவரை பெட்டியையும் பில்லையும் சார்ஜர் வயரையும் அப்படியே எடுத்து வையுங்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் திருப்பி எடுக்கமாட்டோம் என்பார்கள்.